எட்டாம் வகுப்புக் குழுவில் வந்த ஓர் எண்ணும் அதற்கான மன்னிப்புக் கடிதமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவன் மன்னிப்புக் கடிதம் போட்டிருந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். “என்ன சார், ஒரு நம்பர் போட்டதுக்கா இவ்வளவு?” என்று மூன்று நான்கு பேர் என்னிடமே கேட்டார்கள். பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருப்பதைவிட முழுவதும் தெரிவது நல்லது என்று இதை எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளிடமும் அவர்கள் வீட்டிலும் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர்கள் இதில் இல்லை. யாரென்று உங்களுக்குத் தெரிந்தால் அது உங்களோடு இருக்கட்டும்.

ஆண்டு விழாப் படங்களை வகுப்பாசிரியை வெள்ளிக்கிழமை இரவு குழுவில் போட்டார். கரகம் ஆடிய மாணவனின் படமும் அதில் இருந்தது. இரண்டு மாதம் பயிற்சி எடுத்து ஆடியவன். அந்தப் படத்துக்குக் கீழே அவன் வகுப்புத் தோழன் ஒருவன் 9 என்று போட்டான், பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். ஐந்தாறு நிமிடத்துக்குள் பதினோரு பேர் அதற்குச் சிரிப்புக் குறி வைத்தார்கள். கூடப் படிக்கும் ஒரு மாணவி தனியாக அவனுக்கு எழுதிக் கண்டித்ததால் இருபது நிமிடத்தில் அழித்துவிட்டான். ஆனால் அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பையன்கள் மட்டும் இருக்கிற வேறொரு குழுவுக்கு அனுப்பியாயிற்று.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். திருநங்கைகளை இழிவாகச் சொல்ல நம் ஊர்களில் காலங்காலமாக வழங்கிவரும் சொல் ‘ஒன்பது’. நடையிலோ குரலிலோ கொஞ்சம் மென்மை தெரிகிற பையனைப் பள்ளியில் அப்படிக் கூப்பிடுவார்கள். ஆட்டம் ஆடுகிற பையனையும் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதத் தயங்கினேன். ஆனால் எழுதாவிட்டால், நாளை உங்கள் வீட்டுக் கைபேசியில் அது வந்தாலும் உங்கள் கண்ணில் படாது.

கெட்ட வார்த்தை என்றால் ஆசிரியரிடம் காட்டலாம். இது எண். கேட்டால் “நான் நம்பர்தானே போட்டேன்” என்று சொல்லிவிடலாம். அவனும் முதலில் அப்படித்தான் சொன்னான். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வேறு வசைச் சொல் யாராவது திட்டும்போதுதான் காதில் விழும். இது நாள் முழுக்க விழும். ஒன்பதாம் வாய்ப்பாடு, ஒன்பதாம் பக்கம், ஒன்பது மணி, எதைச் சொன்னாலும் பின்வரிசையில் ஒரு செருமல், அடக்கிய ஒரு சிரிப்பு. கணக்கு ஆசிரியை என்னிடம் சொன்னதைக் கேட்டு நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். கேள்விக்கு விடை 9 என்று வந்தால் அந்த மாணவன் எழுந்து நின்று “தெரியாது மிஸ்” என்கிறான். நோட்டில் சரியாகப் போட்டிருப்பான். வாயைத் திறந்து சொல்ல மாட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து இப்படித்தானாம். படிப்பில் கவனம் போதாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சொல் அவனை மட்டும் இழிவுபடுத்தவில்லை. திருநங்கையாக இருப்பதே கேவலம் என்று அது நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. திருநங்கைகளுக்கென்று நலவாரியம் அமைத்த முதல் மாநிலம் நம்முடையது, 2008 ஏப்ரலில். ‘திருநங்கை’ என்ற மரியாதையான பெயரை அரசு வழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான். சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை ஒட்டி, இவர்களை எந்தெந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும் என்று 2022இல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பள்ளிக்கூட வராந்தாவில் பழைய சொல்தான் ஓடுகிறது. அந்த மாணவன் ஆணா, வேறா என்று யாரும் ஆராய வேண்டாம். யார் என்று முடிவு செய்து அவன் பெயரோடு ஒட்ட வைக்கும் உரிமை வகுப்புக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இனி கடிதத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை, எண்ணைப் போட்ட மாணவன் அவன் அப்பாவோடு வந்து ஒரு கடிதம் தந்தான். அது இப்படி இருந்தது: “மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வகுப்புக் குழுவில் நான் விளையாட்டாகப் போட்ட பதிவு யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி இவ்வாறு நடக்காது என உறுதியளிக்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.”

அப்பா சொல்லச் சொல்லப் பையன் எழுதியது. அவரை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்கும் கடிதத்தை நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதே அச்சுதான் இதுவும். ஆனால் ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். கடிதம் எனக்கு எழுதப்பட்டிருக்கிறது. என்னை அவன் ஒன்றும் சொல்லவில்லையே. என்ன போட்டான் என்பது இல்லை, ‘பதிவு’ என்று மட்டும் இருக்கிறது. ‘யாருடைய’ என்றால் யார் என்றே தெரியாததுபோல் ஆகிவிடுகிறது. ‘புண்படுத்தியிருந்தால்’ என்னும்போது புண்பட்டதா இல்லையா என்பதே சந்தேகமாகிறது, புண்பட்டவன்தான் அதை நிரூபிக்க வேண்டும் போலிருக்கிறது. ‘இவ்வாறு நடக்காது’ என்றால் மழை பெய்ததுபோல் அது தானாக நடந்தது என்று ஆகிறது.

அன்று நானும் ஒரு தவறு செய்தேன். இரண்டு பையன்களையும் அறைக்குக் கூப்பிட்டு, “கை கொடுத்துக்கங்கப்பா” என்றேன். ஆடியவன் உடனே கை கொடுத்தான். “பரவாயில்லை சார்” என்றான். முடிந்தது என்று நினைத்தேன். மாலையில் அவன் அம்மா தொலைபேசியில் அழைத்து, “மூணு வருஷமா அவன் பரவாயில்லைன்னுதான் சார் சொல்லிட்டு இருக்கான்” என்றார். தலைமையாசிரியர் முன்னால் ஒரு பையன் வேறென்ன சொல்வான்? அந்தக் கைகுலுக்கலுக்காக அவனிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றினோம். முதலில் அவனுக்கு என்ன வேண்டும் என்று வகுப்பாசிரியை கேட்டார். யோசிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வேண்டாம், அங்கே எல்லா வகுப்பும் தன்னைத் திரும்பிப் பார்க்கும் என்றான். குழுவில் நடந்தது குழுவிலேயே முடியட்டும். அந்தச் சொல்லை மறுபடி எழுதக் கூடாது. தன் பெயர் வரக் கூடாது. தான் பதில் சொல்ல மாட்டேன். இவ்வளவுதான் கேட்டான்.

எழுதியவனைக் கூட்டத்தில் நிறுத்துங்கள், டி.சி. கொடுத்து அனுப்புங்கள் என்று சில பெற்றோர் கோபமாகச் சொன்னீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. அடிப்பதோடு சேர்த்து, மனத்தளவில் துன்புறுத்துவதையும் அதே சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் செய்திருக்க மாட்டேன். கூட்டத்தில் அவமானப்பட்டவன் அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவான் என்பதும் எனக்குத் தெரியும்.

எழுதிய மாணவனை நூலகத்தில் உட்காரவைத்து நான்கு கேள்விகள் கொடுத்தேன். என்ன செய்தாய்? யாருக்குச் செய்தாய்? அதனால் அவனுக்கு என்ன ஆயிற்று? இப்போது நீ என்ன செய்யப் போகிறாய்? மூன்றாவதில் நின்றுவிட்டான். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. போய் அவனிடமே கேட்கிறேன் என்றான், வேண்டாம் என்றேன். காயத்தைப் பற்றிக் காயம்பட்டவனே வந்து பாடம் எடுக்க வேண்டுமா? கணக்கு வகுப்பில் நடப்பதை, உரிய மாணவனிடம் கேட்டுக்கொண்டு, ஆசிரியையே அவனுக்குச் சொன்னார். அன்று அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. மறுநாள் எழுதியது இது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினோம்.

“வெள்ளிக்கிழமை நம்ம குரூப்பில் ஒரு படத்துக்குக் கீழே நான் ஒரு நம்பர் போட்டேன். அது சும்மா நம்பர் இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னைக் கேவலப்படுத்தத்தான் போட்டேன். மற்றவர்கள் சிரிக்க வேண்டும் என்று போட்டேன். இதற்கு முன்னாடி வாயாலும் நிறைய தடவை சொல்லியிருக்கிறேன். விடை தெரிந்தும் நீ தெரியாது என்று சொல்வதற்கு நானும் காரணம். இது எனக்கு நேற்றுதான் புரிந்தது. அந்த வார்த்தை திருநங்கைகளையும் கேவலமாகப் பேசுகிற வார்த்தை. அதற்காகவும் மன்னிப்புக் கேட்கிறேன். ஸ்கிரீன்ஷாட் இன்னொரு குரூப்பில் வந்ததைப் பார்த்தேன், தடுக்கவில்லை. இப்போது அந்த குரூப்பில் அழிக்கச் சொல்லிவிட்டேன். இனிமேல் யாராவது அப்படிக் கூப்பிட்டால் சிரிக்க மாட்டேன், நிறுத்துடா என்று சொல்வேன். நீ எனக்குப் பதில் போட வேண்டாம். என்னை மன்னித்துவிடு.”

குழுவில் போடும் முன் இதை ஆடிய மாணவனிடம் காட்டினோம். கடைசியில் “உன் டான்ஸ் சூப்பராக இருந்தது” என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் அவன் அடித்துவிட்டான். மன்னிப்போடு ஒட்டிக்கொண்டு வரும் பாராட்டு அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. சரியாகத்தான் செய்தான் என்று நினைக்கிறேன். கணக்கு வகுப்பைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று நாங்களே கேட்டோம். “இருக்கட்டும்” என்றான்.

வியாழன் மாலை, எந்தக் கைபேசியிலிருந்து அந்த எண் போனதோ அதிலிருந்தே கடிதமும் போயிற்று. போன உடனே, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று வகுப்பாசிரியை அமைப்பை மாற்றிவிட்டார். கீழே ‘செம மச்சி’ என்று பத்துப் பேர் எழுதினால் கடிதம் போட்டவன் கதாநாயகன் ஆகிவிடுவான், அதற்காகத்தான். சிரிப்புக் குறி வைத்த பதினோரு பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். ஏழு பேர் தாங்களாகவே எழுதித் தந்தார்கள். மற்ற நால்வரை நான் வற்புறுத்தவில்லை. கட்டாயத்தில் எழுதினால் அந்தத் திங்கட்கிழமைக் கடிதம்தான் இன்னும் நான்கு வரும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கணக்கு வகுப்பில் செருமல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஆடிய மாணவன் இன்னும் கரகப் பயிற்சிக்கு வரவில்லை.

உங்களிடம் கேட்பது இவைதாம். குழுவில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் உங்களுடையவை. அந்த 9 குழுவில் வந்தபோது மேலே தெரிந்தது ஓர் அப்பாவின் பெயர். பிள்ளை உங்கள் கைபேசியில் என்ன அனுப்புகிறான் என்று வாரத்தில் ஒருநாளாவது அவனோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் இருந்தால் உரையாடலில் மட்டும் அழித்தால் போதாது, கேலரியிலும் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம், அங்கேயும் அழியுங்கள். வீட்டில் டிவி பார்க்கும்போது அந்தச் சொல் வந்து நாமும் சிரித்திருந்தால், அதைப் பிள்ளையிடம் ஒத்துக்கொண்டு பேசுங்கள். அப்புறம், கடைவீதியில் அந்த மாணவனையோ அவன் அம்மாவையோ பார்த்தால் “மன்னிச்சிட்டானா?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நான் தினமும் மாலை நான்கு மணிக்கு மேல் அறையில் இருப்பேன். வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்