டாப்-அப் கடனும் வீட்டுப் பத்திரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மார்த்தாண்டத்தில் கடையை விரிவாக்க வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க நினைப்போர், தம் வீட்டுக் கடன் இன்னும் முடியாதிருந்தால், அதே வங்கியில் அந்தக் கடனுக்கு மேல் கூடுதலாகத் தரும் டாப்-அப் கடன் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். அதன் வட்டி பெரும்பாலும் வீட்டுக் கடனைவிடச் சற்றே கூடுதலாகவும், சொத்து அடமானக் கடனின் வட்டி அதற்கும் மேலாகவும் இருக்கும். 10 லட்சம் ரூபாயை 15 ஆண்டுகளில் அடைக்க, 8.5 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 9,850 ரூபாய், 10.5 சதவீதமானால் சுமார் 11,050. முடிவில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கட்ட நேரிடும்.

ஆயினும் இரண்டிலும் ஈடு வீடுதான். வியாபாரம் படுத்து மூன்று மாதம் தவணை நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்குத் தொடுக்காமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்த முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை