நீர் என்றாள், நீங்கள் என்றாள்

மச்சான்,

இந்தக் கிழமை நாட்குறிப்பில் கிறுக்கியதை உனக்கே கடிதமாக எழுதுகிறேன். கனடாவுக்குப் போய் ஏழு வருடமானாலும் இந்தச் சிக்கல் உனக்குத்தான் விளங்கும்.

திங்கள் மத்தியானம் பக்கத்து மேசைக்காரி, "சாப்பிட்டீரா?" என்று கேட்டாள். எட்டு மாதமாக "சாப்பிட்டீர்களா?" என்றுதான் கேட்டுவந்தாள். தமிழ்நாட்டார் காதில் விழுந்தால் நாடகத்து அரசன் பேசுகிறான் என்பார்கள். யாழ்ப்பாணத்தாரான நமக்கோ 'நீ'க்கு மேலே, 'நீங்கள்'க்குக் கீழே உள்ள அந்தப் படியில் எத்தனையோ சங்கதி இருக்கிறது. அன்று பின்னேரம் நான் சைக்கிளில் திருநெல்வேலிச் சந்தியைத் தாண்டியதே நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுப் பெட்டி மூடியில் கத்தரிக்காய்ப் பொரியல் வைத்துத் தள்ளினாள். மூடியைக் கழுவிக் கொடுத்தேன். வாங்கி, கைக்குட்டையால் இன்னொரு முறை துடைத்தாள். அந்த இரண்டாவது துடைப்புக்கு என்ன பொருள் என்று இரவு பதினொரு மணிவரை யோசித்தேன் என்றால் நீ சிரிப்பாய்.

புதன்கிழமை முகாமையாளர் முன்னால், "நீங்கள் அந்தக் கோப்பை முடித்துவிட்டீர்களா?" என்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. மாலையில் நான் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டுப் பதிலும் போடவில்லை.

வியாழக்கிழமைதான் எனக்குப் புத்தி வந்தது. என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு, மற்றவர்களிடம் எப்படிப் பேசுகிறாள் என்று கவனித்தேன். காசாளர் பையனிடம், "இரும், வருகிறேன்" என்றாள். அவனும் நீர்தான்! முகாமையாளர் நிற்கும்போது அவனும் 'நீங்கள்' ஆகிவிடுகிறான். ஆக, திங்கள் வந்தது நெருக்கமும் அல்ல, புதன் வந்தது கோபமும் அல்ல. ஒத்த வயதினரை நீர் என்பாள், பெரியவர் முன்னால் மரியாதை காட்டுவாள். எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை நீர் என்பார். அம்மா அப்பாவை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. இது தெரிந்தும் ஒரு சொல்லுக்கு மூன்று நாள் அலைந்திருக்கிறேன். கத்தரிக்காய் மட்டும் கணக்கில் மிச்சம். அது காசாளருக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை நேரே கேட்டேன். "நாளைக்கு வேலை முடிந்து ஐஸ்கிரீம் குடிக்கப் போவோமா?"

"நாளைக்கு அம்மாவோடு நல்லூருக்குப் போக வேண்டும். பிறகு பார்ப்போம்."

வேறு நாள் எதுவும் சொல்லவில்லை. விருப்பமிருந்தால் ஞாயிறு என்றாவது சொல்லியிருப்பாள். நம்மூரில் 'பார்ப்போம்' என்றால் என்னவென்று உனக்கும் தெரியும். இனி நான் கேட்கமாட்டேன். அடுத்த மேசையில் இருந்துகொண்டு திரும்பத் திரும்பக் கேட்டால் அவளுக்கு வேலைக்கு வருவதே பாரமாகிவிடும்.

ஐந்து மணிக்குப் படலையடியில் ஸ்கூட்டியைத் திருப்பியபடி, "மழை வரப்போகிறது, கவனமாகப் போம்" என்றாள்.

காசாளரும் பின்னால் வருகிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். அவன் நாலரைக்கே போய்விட்டிருந்தான்.