‘கீழே பார்க்கவும்’ என்று அனுப்பும் மெர்ச்சண்டைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். நான் ஒரு சாய ஆலையில் லேப் பொறுப்பில் இருப்பவன். பையர் உங்களுக்கு எழுதும் மெயிலை நீங்கள் எனக்குத் தள்ளிவிடுகிறீர்கள். நான் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குத் தள்ளிவிடுகிறேன். அவர் அதைக் கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து மெஷின் பக்கத்தில் ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்கிறார். வால்வைத் திறக்கும் ஆளிடம் போய்ச் சேரும்போது அந்த மெயிலில் என்ன மிச்சமிருக்கிறது என்பதுதான் இந்த மடலின் விஷயம்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி இருக்கும். ஒரு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. மேலே, “அண்ணா, கீழே பார்க்கவும். பல்க் போடலாம்.” கீழே பையரின் பதில், ஒரே வரி: “பி ஓகே. கொஞ்சம் ரெட். ப்ரொசீட்.” ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீளம் இவ்வளவுதான்.

அந்த ஆர்டரில் இரண்டு கலர், நேவியும் ஆலிவும். இரண்டுக்கும் ஏ, பி, சி என்று மூன்று மூன்று லேப் டிப் கொடுத்திருந்தோம். எந்தக் கலரின் பி என்று போன் போட்டுக் கேட்டேன். நேவி என்றார்கள். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்ததும் எல்லாம் தெளிவாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ‘கொஞ்சம் ரெட்’ என்றால் கொஞ்சம் சிவப்பு கூட்டச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு ரெசிபியில் சிவப்பை ஏற்றினேன். 400 கிலோ துணி இரவே மெஷினில் ஏறியது.

காலையில் பையரின் க்யூசி வந்து லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தார். D65 வெளிச்சத்தில் பரவாயில்லை. TL84-க்கு மாற்றியதும் நேவி கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. ‘சிவப்பு ஏற்கெனவே அதிகமாகத் தெரிகிறது, குறையுங்கள்’ என்பதுதான் பையர் சொன்னது. டாப்பிங் போட்டு இழுக்கப் பார்த்தோம். ஷேடு திரும்பவில்லை, ஆழம்தான் கூடியது. கடைசியில் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டு நிறத்தை உரித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி சாயம். எங்கள் மெஷினில் கிலோவுக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், 400 கிலோவுக்கு ஒரு முறை நிரப்பவே 2,400 லிட்டர். உரிக்க ஒன்று, கழுவ இரண்டு மூன்று, சாயத்துக்கு ஒன்று, சோப்பிங்குக்கு ஒன்று என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, திருப்பூரில் சாயத்தண்ணீரைச் சும்மா வெளியே விட முடியாது. ஒவ்வொரு லிட்டரையும் சுத்திகரித்துத்தான் ஆக வேண்டும்.

நஷ்டம் யார் தலையில் என்ற பஞ்சாயத்து முடிந்த பிறகு, அந்த மெர்ச்சண்டைசர் தங்கையும் நானும் உட்கார்ந்து முழு மெயில் தொடரையும் அடியிலிருந்து படித்தோம். பையரின் அந்த ஒற்றை வரிக்கு முந்தைய மெயில் இவர் எழுதியது. “உங்கள் கடை வெளிச்சமான TL84-இல் மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். ஏ பச்சை அடிக்கிறது என்றீர்கள், பி எப்படி இருக்கிறது?” என்று அழகாகக் கேட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு ‘பி ஓகே, கொஞ்சம் ரெட்’ என்பதைப் படித்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஏ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பி எந்தப் பக்கம் என்று அவர் பதில் சொல்கிறார். கேள்வி உங்கள் கம்பெனியில் நின்றுவிட்டது. பதில் மட்டும் என்னிடம் வந்தது.

ஏன் அந்தக் கேள்வியை வெட்டினீர்கள் என்று கேட்டேன். “அதுக்குக் கீழே பீஸ் ரேட் இருந்துச்சுங்கண்ணா” என்றார். நியாயம்தான். பையர் உங்களுக்குக் கொடுக்கும் விலை சாய ஆலைக்குத் தெரியக் கூடாது. எனக்கு ஒருமுறை முழு ட்ரெயில் மெயிலும் வந்து, இன்னொரு ஆலைக்குக் கொடுக்கும் கிலோ ரேட் அதில் இருந்தது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அடுத்த முறை ரேட் பேச உட்கார்ந்தபோது பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

அதனால் முழுத் தொடரையும் அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அனுப்பினாலும் இரவு ஷிஃப்டில் பதினெட்டு மெயிலைக் கீழிருந்து மேலாக யாரும் படிக்கப் போவதில்லை. நான் கேட்பது வேறு. பையரின் வரியை எனக்குத் தள்ளும் முன், அதற்குள் அந்தக் கேள்வியையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள். அன்றைய மெயிலை இருவருமாக அப்படி எழுதிப் பார்த்தோம். இப்படி வந்தது:

> பொருள்: பிஓ 4471, நேவி: லேப் டிப் பி ஒப்புதல், பல்க்கில் சிவப்பு குறைய வேண்டும்
>
> பிஓ 4471, ஆண்கள் டி-சர்ட், 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, நேவி, 400 கிலோ.
>
> சாய ஆலை மார்ச் 3 அன்று கொடுத்த ஏ, பி, சி நேவி லேப் டிப்களில் பையர் பி-யை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் TL84 வெளிச்சத்தில் பி கொஞ்சம் அதிகச் சிவப்பாகத் தெரிகிறது என்கிறார். அதனால் பல்க்கில் சிவப்பைக் குறைக்க வேண்டும். ஷேடை TL84-இல் பார்த்து முடிவு செய்யவும்.
>
> ஆலிவ் இன்னும் முடிவாகவில்லை. அதை ஏற்ற வேண்டாம்.
>
> துணி மார்ச் 14, வெள்ளி மாலை 5 மணிக்குள் எங்கள் கட்டிங்குக்கு வர வேண்டும்.
>
> பையர் மார்ச் 7 அன்று எழுதியது அப்படியே: “பி ஓகே. கொஞ்சம் ரெட். ப்ரொசீட்.” சிவப்பைக் குறைப்பது என்பது அதற்கு நான் கொண்ட பொருள், இன்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.
>
> இணைப்பு: நேவி பி கார்டின் படம்.

எழுதப் பத்து நிமிஷம் ஆனது. இதில் எந்த வரி எங்கே உதவுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பொருள் வரியில் பிஓ எண்ணும் கலரும் முடிவும் இருக்கின்றன. எனக்கு வந்த பழைய மெயிலின் பொருள் வரி ‘அர்ஜென்ட்’ என்று மட்டும் இருந்தது, அதற்கு முன்னால் நாலைந்து முறை ரீ, ஃபார்வர்ட். ஒரு மாதம் கழித்து அதை இன்பாக்ஸில் தேடிப் பாருங்கள், தெரியும்.

‘நீங்கள்’, ‘அது’, ‘நேற்றுப் பேசியது’ என்ற வார்த்தைகள் இருக்கும் இடத்தில் பெயரும் பொருளும் தேதியும் வந்திருக்கின்றன. பையர் ‘நீங்கள் அனுப்பியது’ என்று எழுதினால் அவர் மனதில் இருப்பது உங்கள் கம்பெனி. அதே வரி எனக்கு வந்தால் ‘நீங்கள்’ என்பது நானாகிவிடுகிறது. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று அவர் வியாழக்கிழமை எழுதியதை நீங்கள் சனிக்கிழமை எனக்குத் தள்ளினால், நான் எந்த வெள்ளியை எடுத்துக்கொள்வது? தேதியை எண்ணில் மட்டும் போட்டாலும் சிக்கல்தான். 05/06 நமக்கு ஜூன் ஐந்து, அமெரிக்கப் பையருக்கு மே ஆறு. மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் தீர்ந்தது.

இணைப்பு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மெயிலுக்கு ரிப்ளை போட்டால் அதிலிருந்த ஃபைல்கள் பதிலோடு போகாது. ஃபார்வர்ட் செய்தால்தான் போகும். பி கார்டின் படம் நீங்கள் பையருக்கு அனுப்பிய மெயிலில் இருந்தது. அவர் ரிப்ளை போட்டபோதே அது கழன்றுவிட்டது. அந்த ரிப்ளையை எனக்குத் தள்ளும்போது ‘இணைப்பில் பார்க்கவும்’ என்ற பழைய வரி மட்டும் வருகிறது, இணைப்பு வருவதில்லை. அனுப்பும் முன் ஃபைல் உண்மையில் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அப்புறம், ‘என் கமென்ட் கீழே சிவப்பு எழுத்தில்’ என்று பையர்கள் எழுதுவார்கள். எங்கள் பிரிண்டரில் எல்லா எழுத்தும் கருப்புதான். சாய ஆலையில் கலர் பிரிண்டர் இல்லையா என்று சிரிக்காதீர்கள். சிவப்பில் இருந்ததை ‘பையர் கமென்ட்’ என்று பெயர் போட்டுத் தனியாக எடுத்து எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அடம்பிடிப்பது ‘பையர் எழுதியது அப்படியே’ என்ற அந்தப் பத்திக்காக. பையர் சொன்னதும் நீங்கள் புரிந்துகொண்டதும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடக் கூடாது. அவர் வரியை அழகாக்கி, இலக்கணம் திருத்தி, ‘சிவப்பைக் குறைக்கச் சொல்கிறார்’ என்று மட்டும் எழுதினால், நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும் எனக்குத் தெரிய வழியில்லை. அவருடைய வார்த்தைகள் ஒரு புள்ளி மாறாமல் கீழே இருந்தால், அதைப் படிக்கும் இன்னொருவருக்காவது ‘இது இடிக்கிறதே’ என்று தோன்றும். மேற்கோளுக்குள் கை வைக்காதீர்கள். விளக்கம் வேண்டுமானால் வெளியே எழுதுங்கள். உறுதி செய்ய நேரம் இல்லை என்றால், ‘இன்னும் கேட்கவில்லை, பதில் வரும்வரை ஏற்ற வேண்டாம்’ என்று எழுதுங்கள். அரை நாள் காத்திருப்பது உரித்துச் சாயம் போடுவதைவிட மலிவு.

எல்லா மெயிலுக்கும் இந்தப் பாடு வேண்டாம். ‘டிசி வந்ததா?’ என்ற மெயிலை அப்படியே தள்ளுங்கள், ஒன்றும் குடி முழுகாது. ஷேடு, ஜிஎஸ்எம், அளவு, எடை, தேதி ஆகியவற்றில் எதையாவது மாற்றச் சொல்லும் மெயிலுக்கு மட்டும் போதும். சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் பக்கத்து சீட்டில் வேறு பையரைப் பார்க்கும் ஆள் இருப்பார். அவரிடம் காட்டி, ‘சாய ஆலை இப்போ என்ன செய்யணும்?’ என்று கேளுங்கள். ‘எந்த பி?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் மெயில் இன்னும் முடியவில்லை.

என் பங்குக்கு நானும் மாறியிருக்கிறேன். ‘கீழே பார்க்கவும்’ என்று வரும் ஷேடு மெயிலை இப்போதெல்லாம் நான் இரவு ஷிஃப்டுக்குத் தள்ளுவதில்லை. திருப்பி உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது, தெரியும்.

இன்னொன்று, மெயிலின் அடியில் இரவு போன் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணைப் போடுங்கள். கம்பெனியின் லேண்ட்லைன் எண் வேண்டாம். துணியை மெஷினில் ஏற்றுவது பெரும்பாலும் இரவு பதினோரு மணிக்கு மேல்தான்.

இப்படிக்கு,
ஒரு சாய ஆலையின் லேப் அண்ணன்