வலது கையையும் பார்

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டினாலும் பேரன் இடது கையால்தான் பிடிக்கிறான். "தாத்தாவைப் போலவே இடது கைக்காரன்" என்று நீயும் மாப்பிள்ளையும் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. இன்ன கைப் பழக்கம் என்பது ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் மெல்லத் தெரியவரும். ஒரு வயதுக்குள் ஒரு கையையே நீட்டும் குழந்தையிடம் மற்ற கை ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். குழந்தைகள் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருந்த அம்மா சொல்கிறேன், இதைத் தள்ளிப் போடாதே.

எங்களிடம் இதே வயதில் ஒரு பெண் குழந்தை வந்தாள். நிறைமாதப் பிரசவம், பிறந்ததும் நன்றாக அழுதிருக்கிறாள், எடையிலும் குறையில்லை. தடுப்பூசி போட வந்த இடத்தில் செவிலியர் ஒருவர் கவனித்து அனுப்பினார். வலது கை மூடியே இருந்தது, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. விரல்களைப் பிரித்தால் இறுக்கம் தெரிந்தது. படுத்து உதைக்கும்போது வலது கால் ஒரு படி குறைவாகவே எழும்பியது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், மூளையின் இடப்பக்கத்தில் பிறப்பை ஒட்டிய நாட்களில் ரத்தக்குழாய் அடைபட்ட தழும்பு இருந்தது. இடப்பக்க மூளைதானே வலப்பக்க உடலை நடத்துகிறது. முதல் மூன்று மாதங்கள் எதுவும் தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. கைநீட்டிப் பொருளைப் பிடிக்கும் பருவம் வரும்போதுதான் அந்தப் பகுதியின் குறை வெளிப்படும்.

நீ வீட்டில் செய்யக்கூடியது இது. அவன் பசியும் தூக்கமும் இல்லாமல் விளையாடும் நேரத்தில் மல்லாக்கப் படுக்க வை. இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, பொம்மையை வலப்பக்கம் காட்டு. வலது கை நீள்கிறதா, விரல் விரிகிறதா, அல்லது பிடித்த கையை விடுவிக்கத்தான் போராடுகிறானா என்று பார். இரண்டு உள்ளங்கைகளையும் திறந்து பார். நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒன்று மட்டும் பெரும்பாலும் மூடியே இருப்பது கவனிக்க வேண்டிய அடையாளம். டயப்பர் மாற்றும்போது இரண்டு தொடைகளும் ஒன்றுபோல் விரிகின்றனவா என்றும் பார். தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பக்கக் கை அதிகம் ஓடுவதுண்டு. ஆகவே தலையை நேராக வைத்துப் பார். எல்லாவற்றையும் வீடியோ எடு. மருத்துவர் முன்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தால் அதுதான் உதவும்.

வலது கை பிறந்ததிலிருந்தே துவண்டு தொங்கியிருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம். பிரசவத்தில் தோள் சிக்கிக் கழுத்து நரம்பு இழுபட்டாலும் அப்படி ஆகும். அதை மருத்துவர் பரிசோதித்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேள். "பொறுத்திருந்து பார்க்கலாம்" என்றால் வீடியோவைக் காட்டி மறுபடியும் கேள். அங்கே ஹேமர்ஸ்மித் குழந்தை நரம்புப் பரிசோதனை செய்வார்கள். இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரைக்கானது, 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். இடது வலது வேறுபாட்டைத் தனியாகக் குறிப்பார்கள். குழந்தைக்கு வலிக்காது. தேவைப்பட்டால் பிறகு எம்.ஆர்.ஐ.

ஒன்றும் இல்லையென்றால் நல்லது. இருந்தால் பயிற்சியை உடனே தொடங்கலாம். நல்ல கைக்குச் சில நிமிடங்கள் சின்ன உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையால் விளையாட வைக்கும் பயிற்சி உண்டு. அதைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும், நீயாகக் கட்டிவைக்காதே. எங்களிடம் வந்த அந்தப் பெண் இரண்டு கைகளும் சமமான குழந்தை ஆகிவிடவில்லை. ஆனால் மூன்று வயதில் இடது கையால் படம் வரையும்போது வலது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

உன் நாத்தனாரிடமும் சொல், அவளுக்கும் கைக்குழந்தை இருக்கிறது. உடம்பு துணிபோலத் துவண்டு, நான்கு மாதம் தாண்டியும் உட்கார இழுக்கும்போது தலை பின்னால் விழுந்தாலோ, கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போல் குறுக்கிட்டாலோ காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து அல்ல, மருத்துவர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். துவண்ட குழந்தை பால் குடிக்கத் திணறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூங்கி எழுந்ததும் தொடர்ச்சியாக உடம்பு குறுகி, கைகள் திடீர் திடீரென விரிந்தால் அது வலிப்பாக இருக்கலாம். குழந்தை முன்பு செய்துகொண்டிருந்ததை மறந்துவிட்டாலும் தாமதிக்கக் கூடாது.

மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லையென்றால் எழுது, நான் கிளம்பி வருகிறேன். பிரசவ மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா