கீழ்த் திட்டத்துக்கு மாறினால் நோயாளிகளின் பதிவுகள் என்ன ஆகும்?

அனுப்புநர்: மருத்துவர் மற்றும் உரிமையாளர், இரண்டு அறைக் கிளினிக்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர், முன்பதிவு மென்பொருள் நிறுவனம்

பொருள்: உயர் திட்டத்திலிருந்து அடிப்படைத் திட்டத்துக்கு மாறுவது குறித்த என் கேள்விக்கு நேரான பதில் தராதது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் அனுப்பும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. கேட்ட கேள்விக்குத்தான் வரவில்லை. முதல் பதிலில் உங்கள் ஊழியர் ஒருவர், “உங்கள் தரவு எப்போதும் பாதுகாப்பாக இருக்கும்” என்று எழுதினார். இரண்டாவதில் இன்னொருவர், “அடிப்படைத் திட்டத்தில் சில வசதிகள் கிடைக்காமல் போகலாம்” என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் கோப்பும் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. நோயாளி எதிரே வந்து உட்காரும்போது அதை எடுக்க முடியுமா என்பதே என் கேள்வி.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளாக நானும் ஒரு குழந்தை மருத்துவரும் இந்தக் கிளினிக்கை நடத்தினோம். இரண்டு மாதங்களுக்கு முன் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இனி ஒரு மருத்துவருக்கான திட்டமே எனக்குப் போதும். அதற்காக ‘திட்டத்தை மாற்று’ என்ற பக்கத்தைத் திறந்தால், “கூடுதல் பயனர் கணக்குகள் நீக்கப்படும், தொடரவா?” என்று மட்டும் கேட்கிறது. அந்தக் கூடுதல் கணக்கு அவருடையது. நான்கு ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்த்து அவர் எழுதிய குறிப்புகள் எல்லாம் அந்தக் கணக்கின் பெயரில்தான் கிடக்கின்றன. கணக்கு போனால் குறிப்புகளும் போகுமா, அல்லது கிளினிக்கின் பெயருக்கு மாறுமா? கைத்தவறித் தட்டினால் திரும்ப முடியாத ஒரு காரியத்துக்கு ஒற்றை வரியில் எச்சரிக்கை வைத்திருக்கிறீர்கள்.

பதில் கிடைக்காததால் நானே சோதித்துப் பார்த்தேன். தனியாக ஒரு சோதனைக் கணக்கு தொடங்கி, உயர் திட்டத்தின் எல்லா வசதிகளோடும் ஒரு கற்பனை நோயாளியை உருவாக்கினேன். முதல் வருகைப் படிவத்தில் அவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று பதிந்தேன். ஓர் எக்ஸ்ரே படத்தை இணைத்தேன். இரண்டாவது மருத்துவரின் கணக்கிலிருந்து ஒரு குறிப்பு எழுதினேன். அடுத்த வாரத்துக்கு ஒரு முன்பதிவும் போட்டேன். பிறகு அந்தக் கணக்கை அடிப்படைத் திட்டத்துக்கு இறக்கினேன்.

பெயரும் தொலைபேசி எண்ணும் முன்பதிவும் அப்படியே இருந்தன. எக்ஸ்ரேவின் கோப்புப் பெயர் தெரிந்தது, படம் திறக்கவில்லை. இரண்டாவது மருத்துவரின் குறிப்பைக் காணவில்லை. முன்பதிவுக்கான நினைவூட்டல் குறுஞ்செய்தி ஓசையில்லாமல் நின்றுபோனது. இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வாமைக்கு நேர்ந்ததைப் பொறுக்க முடியாது. அந்தத் தகவல் நாங்களே வடிவமைத்த படிவத்தில் இருந்தது. அப்படி வடிவமைக்கும் வசதி உயர் திட்டத்துக்கு மட்டும் உரியது. திட்டம் இறங்கியதும் நோயாளியின் பக்கத்தில் மேலே சிவப்பில் தெரிந்த எச்சரிக்கை மறைந்துவிட்டது. மறைந்த இடத்தில் “இங்கே ஒரு தகவல் இருக்கிறது, உங்கள் திட்டத்தில் தெரியாது” என்று ஒரு வரிகூட இல்லை. வெறுமையாக இருந்தது.

மருத்துவருக்கு அந்த வெறுமை என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பதிவு கிடைக்கவில்லை என்று சொல்லவில்லை. இந்த நோயாளிக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை என்று சொல்கிறது. தொண்டை வலியோடு வரும் அந்த நோயாளிக்கு, பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலினை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிடலாம். வாயால் ஒருமுறை கேட்பது என் வழக்கம்தான். ஆனால் காய்ச்சலில் இருப்பவரும், குழந்தையை அழைத்து வரும் பாட்டியும் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதற்காகத்தான் எழுதி வைக்கிறோம்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது, “சோதனைக் கணக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்” என்றார் உங்கள் ஊழியர். சரி, உண்மைக் கணக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டேன். தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பதினெட்டு நாள் ஆகிறது.

“முதலில் எல்லாவற்றையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்” என்ற அவருடைய யோசனையையும் செய்து பார்த்தேன். திரையில் 3,112 நோயாளிகள் என்று காட்டுகிறது. இறங்கிய சி.எஸ்.வி. கோப்பில் 2,846 வரிகள்தான் இருந்தன. குறைந்த 266 பேர் யார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடினேன். நீண்ட நாள் வராததால் ‘செயலற்றவர்’ என்று நாங்கள் குறித்து வைத்தவர்கள் அவர்கள். பதிவிறக்கத்தில் அவர்கள் சேரவே இல்லை. சேர்ந்தவர்களுக்கும் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், வருகை நாள்கள் இருந்தன; மருத்துவக் குறிப்புகளும் படிவ விடைகளும் இணைத்த கோப்புகளும் இல்லை. எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால், எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று நம்பி அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பேன்.

ஆகவே ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை விட்டுவிட்டு எழுத்தில் பதில் தாருங்கள். மருத்துவக் குறிப்பு, படிவ விடை, இணைத்த கோப்பு, நீக்கப்பட்ட பயனர் எழுதியவை என்ற இந்த நான்கில் ஒவ்வொன்றும் திட்டம் மாறிய மறுநாள் என்ன நிலையில் இருக்கும்? படிக்கலாமா, மறைந்திருக்குமா, குறிப்பிட்ட நாள் வரை காத்திருந்து அழியுமா, உடனே அழியுமா? நாள் கணக்கு இருந்தால், அது திட்டத்தை மாற்றிய நாளிலிருந்து தொடங்குகிறதா, கட்டணச் சுழற்சி முடியும் நாளிலிருந்தா? பிறகு நான் மீண்டும் உயர் திட்டத்துக்கு வந்தால் மறைந்தவை முழுமையாகத் திரும்புமா?

இன்னொன்றும் இருக்கிறது. பதிவுகள் உங்கள் சர்வரில் இருந்தாலும் அவற்றுக்குப் பொறுப்பு சொல்ல வேண்டியவன் நான். ஒரு தாய் வந்து தன் குழந்தையின் பழைய குறிப்புகளுக்கு நகல் கேட்டால், “இருக்கிறது, ஆனால் என் திட்டத்தில் தெரியாது” என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் மறைத்து வைப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், அடிப்படைத் திட்டத்திலும் பழைய பதிவுகளைப் படிக்க மட்டுமாவது அனுமதியுங்கள். புதிதாக எழுத வசதி வேண்டாம். அதுவும் முடியாது என்றால், செயலற்றவர்களையும் சேர்த்து, குறிப்புகளோடும் கோப்புகளோடும் முழுப் பதிவிறக்கம் ஒன்றைத் தயாரித்துத் தாருங்கள். எந்தக் குறிப்பு எந்த நோயாளிக்கு உரியது என்று காட்டும் எண் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆயிரக்கணக்கான குறிப்புகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

என் கட்டணச் சுழற்சி இந்த மாதம் 28ஆம் தேதி முடிகிறது, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். 20ஆம் தேதிக்குள் பதில் வந்தால் பதிவிறக்கியதைச் சரிபார்க்க எனக்கு ஒரு வாரம் கிடைக்கும். வராவிட்டால் பொத்தானைத் தொடாமல் உயர் திட்டத்திலேயே இருப்பேன். ஆனால் தேவையில்லாத இரண்டாவது மருத்துவருக்கு ஏற்கெனவே இரண்டு மாதம் பணம் கட்டிவிட்டேன். முதல் கடிதம் எழுதிய நாளிலிருந்து இரண்டு திட்டங்களுக்கும் இடையிலான கட்டண வித்தியாசத்தை என் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சோதனைக் கணக்கின் திரைப்பிடிப்புகளையும், விடுபட்ட 266 பேரின் பதிவு எண்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர்களை மட்டும் மறைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கிளினிக் உரிமையாளர்