விஷமம் செய்த விஷமம்

நாகர்கோவில்
ஞாயிறு மதியம்

அன்புள்ள செல்வம்,

எட்டு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். அம்மா சுகம், முட்டிவலி அப்படியே இருக்கிறது. தாணு பழையபடி வீடு மாறிவிட்டான், காரணம் உனக்கே தெரியும்.

ஒரு அசிங்கத்தை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலையாளச் சிறுகதை ஒன்றை ஒரு பத்திரிகைக்காகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் என்ன பயம்? 1956 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று மலையாளத்தோடு இருந்த ஊர் இது. வீட்டில் தண்ணீரையே ‘வெள்ளம்’ என்று கேட்டுக் குடித்து வளர்ந்தவன் நான். அகராதியைத் தொடாமலே பதினோரு பக்கத்தையும் முடித்தேன். அந்தத் திமிருக்குத்தான் அடி விழுந்தது.

கதையில் ஒரு சாவு வீடு. அப்பாவை இழந்த பையன் திண்ணையில் நிற்கிறான். மூலத்தில் இருப்பது இது: ‘குட்டியுடெ விஷமம் கண்டு அவர் மிண்டாதெயிருந்நு.’ நான் எழுதியது: ‘பிள்ளையின் விஷமத்தைப் பார்த்து அவர்கள் பேசாமல் இருந்தார்கள்.’ மூன்று தடவை திருத்திப் படித்தேன், ஒன்றும் உறுத்தவில்லை. கடைசிப் படியை வீட்டுக்காரி வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டாள்: “செத்த வீட்டில அந்தப் பய என்ன சேட்டை பண்ணுனான்? பொறவு அதப்பத்திப் பேச்சே இல்லியே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம், கஷ்டம். சமஸ்கிருதத்தில் அதன் அடிப்பொருள் மேடுபள்ளம், சமமில்லாதது. அங்கிருந்து அவர்கள் மனக்கஷ்டத்துக்குப் போய்விட்டார்கள், நாம் குறும்புக்கு வந்துவிட்டோம். பையனின் துக்கத்தைப் பார்த்து வாயடைத்துப் போன சொந்தக்காரர்களை, சேட்டையைக் கண்டும் காணாமல் விட்டவர்களாக ஆக்கிவிட்டேன். சம்சாரம் சம்சாரித்ததால் பிழைத்தேன் மக்கா.

எர்ணாகுளத்தில் அந்த அம்மா சாப்பிட்டாச்சா என்பதை “கழிச்சோ?” என்று கேட்டதும் நீ முகம் சிவந்து கொல்லைப்புறத்தைப் பார்த்தாயே, அந்த மாதிரிச் சொற்களால் ஆபத்தே இல்லை. சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள் என்று உடனே பொறி தட்டும், பொருள் தேடுவோம். தப்பாகப் போட்டாலும் வாக்கியம் ஒழுங்காக நிற்கிறது பார், அதுதான் ஆளைக் கவிழ்க்கும். அதே கதையில் இன்னொரு இடம். ‘அவளுடெ முகத்து ஒரு விகாரவும் இல்லாயிருந்நு.’ விகாரம் அங்கே உணர்ச்சி. மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும் விதவையைப் பற்றி, ‘அவள் முகத்தில் எந்த விகாரமும் இல்லை’ என்று நான் எழுதியிருந்தேன். அழகாக இருந்தாள் என்று பாராட்டிவிட்டேன்! ‘ஆ அவசரத்தில்’ என்றால் ‘அந்தச் சந்தர்ப்பத்தில்’. நான் அவளை அவசரப்படுத்தி வாசலுக்கு ஓடவிட்டேன்.

அப்புறம் பென்சிலை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து உட்கார்ந்தேன். தெரியாத சொற்களை விட்டுவிட்டேன், அவற்றை எப்படியும் பார்த்திருப்பேன். மூலத்திலிருந்து அப்படியே தமிழுக்கு நடந்து வந்த சொற்களை மட்டும் அடிக்கோடிட்டேன், வடமொழிச் சொற்களைக் கூடுதல் சந்தேகத்தோடு. மொத்தம் 43. ஒவ்வொன்றையும் மலையாள அகராதியில் புதுச்சொல் மாதிரி பார்த்தேன். நாலு தப்பு. நாலாவதைச் சொல்லமாட்டேன், நீ ஊரெல்லாம் பரப்புவாய்.

கண்டுபிடித்த பிறகும் விஷமம் விடவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டாலும் அவர்களுக்கு விஷமம், பெற்றவர் செத்தாலும் விஷமம். நம்மிடம் அந்த அகலத்தில் ஒரு சொல் இல்லையே. துயரம் என்றால் மேடைப் பேச்சு. கஷ்டம் என்றால் கைக்காசு இல்லை என்று தோன்றும். வருத்தம் பரவாயில்லை, ஆனால் ஏழு வயசுப் பையன் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ‘வருத்தம்’ ஏதோ விண்ணப்பத்தில் எழுதுகிற மாதிரி இருந்தது. ரெண்டு நாள் கழித்து அந்தப் பெயர்ச்சொல்லையே தூக்கிவிட்டு, ‘பிள்ளை கலங்கி நிற்பதைப் பார்த்து அவர்களுக்குப் பேச்சு எழவில்லை’ என்று வைத்தேன். சரியா என்று இன்னும் குழப்பம்தான். ‘மிண்டாதெ’ என்றால் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். ‘எழவில்லை’ நான் கூட்டிப் போட்டது. நீ என்ன சொல்கிறாய்? நேராகச் சொல், நாகரிகம் பார்க்காதே.

இனிமேல் எங்கள் ஊர்த் தமிழையும் நம்பமாட்டேன். ‘மனசிலாச்சு’ என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன். எனக்கு அது பச்சைத் தமிழ். மதுரைக்காரனான உனக்கு?

கடைசியாக ஒன்று. 1872இல் வந்த குண்டர்ட்டின் மலையாள-ஆங்கில அகராதியின் மறுபதிப்பு, நீ ‘ஒரு வாரத்துக்கு’ என்று கொண்டுபோனது, மூன்று வருஷமாக உன் அலமாரியில் இருக்கிறது. ஒரு சொல் தமிழிலும் உண்டு என்றால் அதில் குறிப்பு இருக்கும், அந்தக் குறிப்புத்தான் எனக்கு இப்போது வேண்டும். அடுத்த கதை 20 பக்கம். கூரியரில் அனுப்பு, காசு நான் தருகிறேன். பக்கம் மடக்கியிருந்தால் மட்டும் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

உன்,
மணி