காவலர் தேர்வுக்கு ஓட்டம் பழக்கும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார்களுக்கு,

தக்கலைப் பக்கம் நீங்கள் பிள்ளைகளை ஓடவிடும் அதே மைதானத்தில்தான் நானும் காலையில் நடக்கிறேன். முன்பு உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டிய உங்கள் அவசரம் எனக்குப் புரியும்.

போன மார்கழியில் ஒரு நாள், பக்கத்தில் யாரோ குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். அன்று ஒரு பையன் திணறினான். "ஸ்டாமினா போச்சு, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு" என்று அவனுடைய பயிற்சியாளர் விரட்டினார். நான் அவனை நிறுத்தி, கழுத்தில் விரல் வைத்து நாடியை எண்ணினேன். இரண்டு சுற்று மெதுவோட்டம் முடித்ததும் 15 விநாடிக்கு 35 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 140, என்பதுதான் அவனுடைய வழக்கம். அன்று அதே வேகத்தில் 38. நிமிடத்துக்கு 152. புழுக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, நன்றாகத் தூங்கியும் இருந்தான்.

புகையிலுள்ள நுண்துகள்கள் மூச்சுக்குழாய் நரம்புகளை உறுத்தும்போது, உடம்பு ஆபத்து என்று நினைத்துத் துடிப்பைக் கூட்டும். கூடவே கார்பன் மோனாக்சைடும் உண்டு. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்போது அதே ஓட்டத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும். சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறவன், வேகமாக ஓடும்போது 60 லிட்டருக்கு மேல் இழுக்கிறான், அதுவும் வாய் வழியாக. மூக்கின் வடிகட்டல் அங்கே கிடையாது.

ஆனால் நாடியை மட்டும் நம்பாதீர்கள். வெயிலும் தண்ணீர்க் குறைவும் அதைப் புகையைவிட அதிகமாக ஏற்றும். எண்ணுவதில் ஒன்று தவறினாலே 4 துடிப்பு மாறிவிடும். புகை அதிகம் இருந்தும் சிலருக்கு நாடி அசையாது. அதனால் முதலில் வேளிமலையைப் பாருங்கள். மலை மறைந்திருந்தால் மோந்து பாருங்கள்: பனி என்றால் ஈரம்தான், புகை என்றால் கண் எரியும். புகை வாடையோடு நாடியும் வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 10 கூடியிருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். போனில் காட்டும் காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினாலும் வேண்டாம். இளைப்பு உள்ள பிள்ளைக்கு 100 தாண்டினாலே போதும். குறியீடு பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி என்பதால், பக்கத்துக் குப்பைப் புகை அதில் தெரியாமல் போகலாம்.

சரி, ஓட்டம் வேண்டாம் என்ற நாளில் கட்டடத்துக்கு உள்ளே என்ன செய்வது? புகை வரும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தண்டால், உட்கார்ந்து எழுந்திருத்தல் போன்ற பயிற்சிகளை, அதிகம் மூச்சு வாங்காதபடி மெதுவாகக் கொடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து உள்ளேயே ஓடவிட்டால், வெளியே ஓடியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இராது. மார்கழி, தையில் இரவுக் குளிரால் புகை தரையோடு தேங்கி நிற்கும். வெயில் ஏறிக் காற்று அசைந்ததும் கலையும். அதனால் ஓட்டத்தை எட்டரை மணிக்குத் தள்ளிவைத்தாலே பல நாள் போதும்.

நெஞ்சு இறுக்கமோ, தலைசுற்றலோ என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், நாடி எவ்வளவு இருந்தாலும் உடனே உட்கார வையுங்கள். இருந்தும் அடங்காவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
உங்கள் மைதானத்தில் நடக்கும் ஒரு பழைய வாத்தியார்